முதல் காதுகுத்துக்கு எந்தத் தோடு? தண்டு, திருகாணி இரண்டையும் வைத்து ஓர் ஒப்பீடு

அக்காவின் சின்னப் பெண்ணுக்கு ஆடி மாதம் படவேடு ரேணுகாம்பாள் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்துவதென்று முடிவானது. தாய்மாமன் என்பதால் தோடு என் பொறுப்பு. மூத்தவளுக்கும் நான்தான் வாங்கினேன். அந்தத் தோட்டோடு வந்த ஒரு சின்னத் திருகாணியால் அவள் பட்ட பாட்டை எங்கள் வீட்டில் யாரும் மறக்கவில்லை. அதனால் இந்த முறை எந்த உலோகம், எந்த வடிவம் என்று நிதானமாகப் பார்த்துத்தான் முடிவெடுத்தேன்.

முதலில் மூத்தவள் கதை. அவளுக்கு வாங்கியது சிவப்புக்கல் வைத்த 22 காரட் தோடு. காது நன்றாகவே ஆறியது. ஐந்தாவது மாதம் ஒரு திருகாணி எங்கேயோ விழுந்துவிட்டது. தங்கத்தில் செய்து வாங்க ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அதுவரைக்கும் இருக்கட்டும் என்று ஃபேன்சி கடையில் ஒரு ஜோடி கவரிங் திருகாணி வாங்கி, இரண்டும் ஒரே மாதிரி இருக்கட்டுமே என்று இரண்டு காதிலும் போட்டோம். அந்த ஒரு வாரம் அப்படியே மாதக்கணக்கில் நீண்டது. மூன்று வாரத்தில் குழந்தை காதைப் பிய்க்க ஆரம்பித்தாள். மடலின் பின்பக்கம் சிவந்து, செதில் விட்டு, தண்ணீர் மாதிரிக் கசிந்தது. ஆயா மஞ்சள் வைத்தார். நான் மருந்துக்கடையில் ஒரு களிம்பு வாங்கி வந்தேன். இரண்டு நாள் அடங்கின மாதிரி இருந்து, பிறகு காதுக்குக் கீழே கழுத்து வரை இறங்கியது.

தோல் மருத்துவர் காதை மடக்கிப் பார்த்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. முன்பக்கம் பார்த்தார், ஒன்றுமில்லை. பின்பக்கம் பார்த்தார், திருகாணி உட்கார்ந்த இடத்தில் அதே அளவில் வட்டமாகப் புண். "சீழ் பிடிச்சிருந்தா ஓட்டை முழுக்க இருக்கும். இது திருகாணி தொட்ட இடத்துல மட்டும் இருக்கு பாருங்க" என்றார். திருகாணியைக் கழற்றி, பஞ்சில் இரண்டு சொட்டு மருந்தை விட்டுத் தேய்த்தார். பஞ்சு இளஞ்சிவப்பாக மாறியது. டைமீதைல் கிளையாக்சிம் என்ற சோதனை அது. உலோகத்திலிருந்து ஒவ்வாமை தரக்கூடிய நிக்கல் கசிந்தால் அந்த நிறம் வரும். நான் வாங்கிய களிம்பில் நியோமைசின் இருந்தது. அதுவும் பலருக்கு ஒவ்வாமை தரக்கூடிய மருந்துதான். அது கழுத்து வரை வேலை செய்திருக்கலாம் என்று அதையும் நிறுத்தச் சொன்னார்.

திருகாணியை மாற்றி, அவர் கொடுத்த மருந்தைப் போட்டதும் இரண்டு வாரத்தில் காது சரியாகிவிட்டது. ஒவ்வாமை மட்டும் போகவில்லை. இன்றைக்கும் ஜீன்ஸ் போட்டால் தொப்புளுக்குக் கீழே பட்டன் படுகிற இடம் தடித்துவிடுகிறது. பட்டனுக்கு உள்பக்கம் துணி வைத்துத் தைத்துத்தான் போடுகிறாள். நிக்கல் ஒவ்வாமை ஒருமுறை வந்தால் பெரும்பாலும் ஆயுசுக்கும் இருக்கும்.

மச்சான் ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்கிறார். அவருக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "குரோம் தண்ணி பட்டு எங்க ஆளுங்களுக்குக் கையில வருதே, அதே கதைதான்" என்றார். உண்மையிலேயே அதே வகைதான். முதல் சில வாரம் ஒன்றும் தெரியாது, அந்த நேரத்தில் உடம்பு அந்த உலோகத்தை எதிரியாகப் பழகிக்கொள்கிறது. அதற்குப் பிறகு எப்போது பட்டாலும் ஒன்று முதல் மூன்று நாளில் தோல் கிளம்பும். பட்ட உடனே வராததால்தான் தோட்டின் மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

முதல் தோடு இதில் தனியாக நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. ஆறிப்போன துளையில் தோடு தோலைத்தான் தொடுகிறது. புதிதாகக் குத்திய துளையில் தோலே கிடையாது. துளைக்குள் நிற்கும் தண்டு நேராகச் சதையில், உப்புத்தன்மையுள்ள நிணநீரில் ஊறிக்கொண்டிருக்கும். மடல் ஆற ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். அந்த எட்டு வாரமும் உலோகத்திலிருந்து கரைவது எதுவானாலும் நேரே உள்ளே போகிறது. ஐரோப்பாவில் மற்ற நகைகளைவிடத் துளைக்குள் போகும் தண்டுக்கு நிக்கல் கசிவு வரம்பை இன்னும் கடுமையாக வைத்திருப்பது இதனால்தான். மற்றவற்றுக்கு ஒரு சதுர சென்டிமீட்டரிலிருந்து வாரத்துக்கு 0.5 மைக்ரோகிராம் வரை கசியலாம், துளைத் தண்டுக்கு 0.2 மட்டுமே. ஆகவே முகப்பில் பூவா, மாங்காயா, மூன்று கல்லா என்பதை எட்டு வாரம் தள்ளிவைத்துவிட்டு, தண்டு எதனால் ஆனது, பின்பக்கம் எப்படிப் பூட்டுகிறது என்ற இரண்டை மட்டும் வைத்துப் பார்க்க ஆரம்பித்தேன்.

எந்த உலோகம்

கவரிங்கை ஒரே வரியில் தள்ளிவிடலாம். உள்ளே பித்தளையோ செம்போ இருக்கும், மேல்பூச்சுக்கு அடியில் பல நேரம் நிக்கல் பூச்சு இருக்கும், வியர்வையில் மேல்பூச்சு தேய்ந்ததும் அது வெளியே வரும். வேலூர் வெயிலில் அதற்கு அதிக நாள் ஆகாது.

வெள்ளியையும் புதுத் துளைக்கு வேண்டாம் என்று வைத்தேன். ஆறின காதுக்கு நல்ல வெள்ளி போடலாம். பச்சைப் புண்ணில் அது கறுக்கும், அந்தக் கறுப்பு தோலுக்குள் படிந்து நிரந்தரக் கறையாக நின்றுவிடவும் கூடும்.

வெள்ளைத் தங்கம் பார்க்க அழகு. ஆனால் தங்கத்தின் மஞ்சளைப் போக்க நிக்கல் கலக்கும் வழக்கம் உண்டு. பல்லேடியம் கலந்து செய்வதும் இருக்கிறது. எது கலந்தது என்று கடையில் உறுதியாகச் சொல்ல முடியாதபோது, குழந்தையின் காதில் வைத்துச் சோதித்துப் பார்க்க எனக்கு மனமில்லை.

பிறகு சர்ஜிக்கல் ஸ்டீல். இந்தப் பெயரைக் கேட்டதும் எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை வந்துவிடுகிறது, எனக்கும் வந்தது. ஆனால் 316எல் என்ற அந்த ஸ்டீலில் நூற்றுக்குப் பத்து முதல் பதினான்கு பங்கு நிக்கல்தான். அது குரோமியம் ஆக்சைடு படலத்துக்குள் கட்டுண்டு கிடப்பதால் மிகக் குறைவாகவே கசியும், பெரும்பாலான காதுகளுக்கு ஒன்றும் ஆகாது. நல்ல தரத்தில், மழமழவென்று மெருகேற்றிச் செய்ததென்றால் குறை சொல்ல முடியாது. மட்டமாகச் செய்து 'சர்ஜிக்கல்' என்று அட்டையில் அச்சடித்திருந்தால் வாங்குகிறவருக்கு வித்தியாசம் தெரிய வழியில்லை. அக்காள் தங்கை இருவரில் ஒருத்திக்கு ஏற்கெனவே நிக்கல் ஆகாது என்று தெரிந்த வீட்டில் இந்த ஆபத்து தேவையில்லை என்று விட்டேன்.

மிஞ்சியவை இரண்டு: டைட்டானியம், 22 காரட் தங்கம்.

உடம்போடு ஒத்துப்போவதை மட்டும் பார்த்தால் டைட்டானியம்தான் முதலிடம். எலும்பு முறிவுக்கும் பல் பதிக்கவும் வைக்கிற உலோகம். நிக்கல் சேர்மானம் இல்லை, எடை மிகக் குறைவு, கொதிக்கவைத்தாலும், நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைத்தாலும் ஒன்றும் ஆகாது. வாங்கும்போது அட்டையில் 'ஏ.எஸ்.டி.எம். எஃப் 136' என்ற உள்வைப்புத் தரக் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். வெறுமனே 'டைட்டானியம் நிறம்' என்று எழுதியிருந்தால் அது உலோகத்தைச் சொல்லவில்லை, பூச்சைச் சொல்கிறது.

தங்கத்தில் 916 என்றால் ஆயிரத்தில் 916 பங்கு தங்கம், மீதி 84 பங்கு. நம் ஊர் மஞ்சள் தங்கத்தில் அந்த மீதி பொதுவாகச் செம்பும் வெள்ளியும்தான். புதுத் துளைக்கு இது நல்ல உலோகம். ஆனால் இங்கே இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன, நான் முதல் தடவை இரண்டையும் கவனிக்கவில்லை.

ஒன்று ஹால்மார்க். எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறியான எச்.யூ.ஐ.டி. இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக்கூடாது என்று 2023 ஏப்ரல் 1 முதல் விதி இருக்கிறது. ஆனால் இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைக்குக் கட்டாய ஹால்மார்க்கிலிருந்து விலக்கு உண்டு. குழந்தைத் தோடு பெரும்பாலும் அந்த எடைக்குள்தான் வரும். அதாவது உடம்புக்குள் நேராகப் போகிற நகைக்கு, முத்திரை இல்லாமலிருக்க வாய்ப்பு அதிகம்.

இன்னொன்று தண்டு. 22 காரட் மிருதுவானது, அதில் மரை வெட்டினால் சீக்கிரம் தேயும். அதனால் தண்டையும் திருகாணியையும் மட்டும் மட்டமான காரட்டில் செய்வது உண்டு. முகப்பையும் தண்டையும் ஒட்டவைக்கிற பொடியிலும் வேறு உலோகங்கள் இருக்கும். முகப்பை உரசிப் பார்த்து 22 என்று சொல்வதால் தண்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. கேரட் மீட்டர் வைத்திருக்கும் கடைகளில் தோட்டைக் கவிழ்த்து வைத்து, தண்டின் மேல் காட்டச் சொல்லுங்கள். திரையில் தங்கம், வெள்ளி, செம்பு, துத்தநாகம் என்று சதவீதம் வரும், நிக்கல் இருந்தால் அதுவும் வரும். ஒரு கடையில் நான் அப்படிக் கேட்டபோது, "இன்னா தம்பி, பூவு நல்லாத்தான கீது, தண்டப் போயி பாக்கற" என்று வியாபாரி ஆச்சரியப்பட்டார். ஆனாலும் காட்டினார். முகப்பில் தங்கம் 91.7 சதவீதம், தண்டில் 76.

எந்த வடிவம்

நம் வீடுகளில் முதலில் கைக்கு வருவது திருகாணித் தோடு. குழந்தை இழுத்தாலும் கழலாது, வாயில் போட்டு விழுங்க வாய்ப்பு குறைவு, அதனால் ஆறின காதுக்கு எனக்கு இதுதான் பிடிக்கும். புதுத் துளைக்கு அதே மரைதான் தொந்தரவு. மரையின் பள்ளங்களில் நிணநீர் காய்ந்து படிகிறது, சோப்பும் எண்ணெயும் சேர்கிறது, பச்சைத் துளைக்குள் மரைத் தண்டைச் செருகும்போதும் எடுக்கும்போதும் அது அரம் மாதிரி அறுக்கிறது. அதைவிட, கழன்றுவிடுமே என்ற பயத்தில் நாம் இறுக்கித் திருகுகிறோம். குத்தின மறுநாள் மடல் வீங்கும். வீங்க இடமில்லையென்றால் ரத்த ஓட்டம் நசுங்கி, திருகாணி மெல்லச் சதைக்குள் இறங்கும். பின்பக்கம் திருகாணி கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் அது உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

துப்பாக்கியில் குத்தும்போது வருகிற ஸ்டட்டுக்குப் பட்டாம்பூச்சி வடிவப் பூட்டு இருக்கும். சுருட்டி மடக்கின தகடு அது. சுருளுக்குள் அழுக்கு சேர்ந்தால் கழற்றாமல் சுத்தம் செய்ய முடியாது, ஆறும் வரை கழற்றவும் கூடாது. குழந்தை அதன் மேல் ஒருக்களித்துப் படுக்கும்போது காதுக்குப் பின்னால் குத்தவும் செய்கிறது. துப்பாக்கியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உடம்பு பிளாஸ்டிக்காக இருப்பதால் பழைய மாதிரித் துப்பாக்கியை ஆட்டோகிளேவில் வைக்க முடியாது. ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு அடுத்த குழந்தைக்கு எடுக்கிறார்கள். மஞ்சள் காமாலை பி கிருமிக்கு அந்தத் துடைப்பு போதாது. காதைத் தொடுகிற பகுதி முழுவதும் ஒருவருக்கு மட்டும் பயன்படும் அடைத்த பெட்டியாக இருந்தால் அது வேறு, அதை ஒத்துக்கொள்ளலாம்.

தட்டைப் பின்பக்கமுள்ள ஸ்டட் மூன்றாவது. பின்னால் ஒரு மழமழப்பான சின்னத் தட்டு, முன்னால் குமிழ், மரை இருந்தாலும் தண்டுக்கு உள்ளே இருக்கும், துளையில் படுவது வழுவழுப்பான பகுதி மட்டும். டைட்டானியத்தில் இந்த வடிவம் கிடைத்தால் நான் பார்த்ததில் சிறந்தது இதுதான். குத்துகிறவர் இதைப் போடப் பழகியவராக இருக்க வேண்டும், அளவு சரியாக இருக்க வேண்டும். தண்டு மடலின் தடிமனைவிட இரண்டு மில்லிமீட்டராவது நீளமாக இருந்தால்தான் வீக்கத்துக்கு இடம் கிடைக்கும்.

நான்காவது நம் பத்தர்கள் காலம் காலமாகப் போட்டுவந்த கம்பி வளையம். ஒரே கம்பி, ஒரே உலோகம். பொடி வைத்து ஒட்டவில்லை, மரை இல்லை, திருகாணி இல்லை, விழுந்து தொலையவோ விழுங்கவோ தனித் துண்டும் இல்லை. மடல் எவ்வளவு வீங்கினாலும் வளையம் அழுத்தாது, இரண்டு பக்கமும் உப்புநீர் தாராளமாகப் படும். இதன் குறை சுழல்வது. சுழலும்போது வெளியே காய்ந்த பொருக்கை இழுத்துக்கொண்டு துளைக்குள் போகும். துண்டிலும் அம்மாவின் முடியிலும் மாட்டும். கம்பி நூல் மாதிரி மெல்லிசாக இருந்தால் மடலைக் கீழ்நோக்கி அறுத்துவிடும். முறுக்கின நுனி கூராக இருந்தால் கழுத்தைக் கீறும்.

நாங்கள் எடுத்த முடிவு

மருத்துவமனையில் குத்துவதாக இருந்தால் டைட்டானியம் தட்டைப் பின் ஸ்டட், இதில் எனக்கு யோசனையே இல்லை. ஆனால் எங்களுக்குக் குலதெய்வம் ரேணுகாம்பாள், மாமன் மடியில் உட்காரவைத்துக் கோயிலில்தான் குத்த வேண்டும், குத்தப்போவது குடியாத்தத்திலிருந்து வருகிற எங்கள் குடும்பப் பத்தர். அவர் கைக்குப் பழகிய வடிவம் வளையம். பழகாத ஸ்டட்டை அவர் கையில் கொடுத்து, அழுகிற குழந்தையின் காதில் இரண்டு மூன்று முறை முயற்சி செய்யவைப்பது சரியில்லை. அதனால் 22 காரட் கம்பி வளையம் என்று முடிவு செய்தேன். அதன் குறைகளை அளவிலேயே சரிசெய்யப் பார்த்தோம்.

அம்மாவின் எச்.யூ.ஐ.டி. உள்ள ஒரு பழைய மோதிரத்தைப் பத்தரிடம் கொடுத்து, வேறெதுவும் சேர்க்காமல் கம்பியாக இழுக்கச் சொன்னேன். கம்பியின் கனம் 0.9 மில்லிமீட்டர். அறுக்காத அளவுக்குத் தடிமன், குத்த முடிகிற அளவுக்கு மெல்லிசு. வளையத்தின் விட்டம் 9 மில்லிமீட்டர். பாப்பாவின் மடலைச் சுற்றி வந்தும் விரல் நுழைகிற அளவுக்குப் பெரிதாகக் கூடாது என்பதற்காக அந்த அளவு. நுனி ஒன்றின்மேல் ஒன்று படிய கொஞ்சம் சேர்த்தால் ஒரு வளையத்துக்கு 33 மில்லிமீட்டர் கம்பி ஆகும், எடை 400 மில்லிகிராமுக்குள். ஜோடி ஒரு கிராமைத் தாண்டவில்லை. நுனியை முறுக்காமல், ஒன்றையொன்று ஒட்டி வளைத்து மழுங்க அரம் போடச் சொன்னேன். "முறுக்குனாத்தான் தம்பி கெட்டி" என்றார் பத்தர். பழைய தண்டட்டிக் காலத்துப் பழக்கம், அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் பதினோரு மாதக் குழந்தையின் கழுத்து மடிப்பு காதுக்கு எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்று தொட்டுக் காட்டியதும் அவரே ஒத்துக்கொண்டார்.

கம்பி பட்டறையிலிருந்து வரும்போது மெருகுப்பொடியும் அமிலக் கறையும் ஒட்டியிருக்கும். சோப்புத் தண்ணீரில் மிருதுவான பிரஷ் வைத்துக் கழுவி, எங்களுக்குத் தெரிந்த கிளினிக்கில் கொடுத்து ஆட்டோகிளேவ் செய்து, உறையோடு வாங்கிக்கொண்டேன். 121 டிகிரி நீராவியில் தங்கத்துக்கு ஒன்றும் ஆகாது. வீட்டில் கொதிக்கவைப்பது நிறையக் கிருமியைக் கொல்லும், எல்லாவற்றையும் கொல்லாது. ஊசியை மட்டும் பத்தரின் பையிலிருந்து எடுக்கவிடவில்லை. உறை பிரிக்காத புது ஊசி இரண்டு, காதுக்கு ஒன்று, கையுறை ஒரு ஜோடி நானே கொண்டுபோனேன். பாப்பாவுக்கு 6, 10, 14 வாரத் தடுப்பூசிகள் முடிந்திருக்கின்றனவா என்று அட்டையைப் பார்த்துக்கொண்டோம், அதில் ரண ஜன்னிக்கும் மஞ்சள் காமாலை பி-க்கும் பாதுகாப்பு இருக்கிறது. அவை முடியாத கைக்குழந்தைக்கு நான் காது குத்தச் சொல்ல மாட்டேன்.

கோயிலில் ஒன்றே ஒன்றை வரிசையில் மாற்றினோம். மொட்டை போட்டுக் குளிப்பாட்டி, தலைக்குச் சந்தனம் பூசி, அது காய்ந்த பிறகுதான் காது. இல்லாவிட்டால் முடித்துகளும் சந்தனமும் நேராகப் பச்சைத் துளைக்குள் வழியும். படவேட்டு விபூதி மண்ணிலிருந்து தோண்டி எடுப்பது, எங்களுக்கு உசிரானது. ஆயா அதைக் காதிலும் தொட்டுவைக்கப் போனார். ரண ஜன்னிக் கிருமி மண்ணில் இருப்பது. "ஆயா, நெத்தியில நிறைய வை, காதுல வேணாம்" என்றேன். வயிறு வரை பூசி மனசாரச் செய்தார்.

அதற்குப் பிறகு எட்டு வாரமும் மருந்துக்கடையில் விற்கும் நார்மல் சலைன் உப்புநீர்தான், காலையும் மாலையும். கை கழுவிவிட்டு, பஞ்சை நனைத்து இரண்டு நிமிடம் காதில் வைத்து, பொருக்கு தானாக ஊறி வந்ததும் துடைத்தாள் அக்கா. பாட்டிலைத் திறந்தால் ஒரு நாளுக்கு மேல் வைத்துக்கொள்ளவில்லை. ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் புதுத் தோலைச் சுடும், அதனால் தொடவில்லை. தேங்காயெண்ணெய், மஞ்சள், வேப்பங்குச்சி எதுவும் இல்லை. "ஒட்டிக்கும், திருப்பிவிடு" என்று வருகிறவர்கள் எல்லாரும் சொன்னார்கள். வளையத்துக்கு அதுதான் கூடாத வேலை, திருப்பும் ஒவ்வொரு முறையும் உள்ளே முளைத்த தோல் கிழியும்.

நான்காம் நாள் இடது காதில் வெண்மையான பொருக்கைப் பார்த்து அக்கா பயந்துபோய் போன் செய்தாள். ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லிக் கேட்டேன். தொட்டால் சுடுகிறதா, நேற்றைவிட வீக்கம் அதிகமா, மஞ்சளாகவோ பச்சையாகவோ வருகிறதா, காய்ச்சல் உண்டா, தொட்டால் அழுகிறாளா. எதுவும் இல்லை. அது காய்ந்த நிணநீர்தான். இவற்றில் ஒன்று இருந்திருந்தாலும் வளையத்தைக் கழற்றாமல் மருத்துவரிடம் போயிருப்போம், ஏனென்றால் கழற்றினால் துளை மூடிச் சீழ் உள்ளேயே அடைபடும். ஒவ்வாமையாக இருந்தால் வேறு மாதிரி இருக்கும்: பெரும்பாலும் இரண்டு காதிலும் வரும், வலியைவிட அரிப்பு அதிகம், சீழுக்குப் பதில் தண்ணீர் கசியும், செதில் விடும், உலோகம் படும் இடத்தின் வடிவத்தில் நிற்கும். சந்தேகமிருந்தால் மூத்தவளுக்குச் செய்த மாதிரி முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் தனித்தனியாகப் பாருங்கள்.

ஒன்பதாவது வாரம் வளையத்தை எடுத்துவிட்டு மாமன் சீர் தோட்டைப் போட்டோம். முகப்பில் சின்னப் பூ, தண்டும் திருகாணியும் அதே 22 காரட், கேரட் மீட்டரில் பார்த்து வாங்கியது. திருகாணிக்கும் மடலுக்கும் நடுவே ஒரு தாள் நுழைகிற இடைவெளி விட்டு நிறுத்தினேன். வாங்கும்போதே அதே தங்கத்தில் ஒரு திருகாணி கூடுதலாகச் செய்து வாங்கி, அக்காவின் பீரோவில் ஒரு மருந்து டப்பாவுக்குள் போட்டுவைத்திருக்கிறேன்.